0.1 + 0.2: இந்த மாணவியின் விளக்கத்துக்கு எத்தனை மதிப்பெண் தரலாம்?

ஈசூன் செல்வி எழுதியது:

வணக்கம். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் வார இறுதிகளில் தமிழிலேயே பைத்தான் கற்பிக்கும் ஒரு சிறு வகுப்பில் நான் தொண்டூழியராக இருக்கிறேன். சென்ற வாரப் பயிற்சித்தாளில், கீழ்க்காணும் விடை ஏன் வருகிறது என்று விளக்குமாறு கேட்டிருந்தோம். அதற்கு நான்கு மதிப்பெண்.

```
>>> 0.1 + 0.2
0.30000000000000004
>>> 0.1 + 0.2 == 0.3
False
```

உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு மாணவி எழுதிய பதிலை அப்படியே தருகிறேன்:

"கணினி எண்களை இரும முறையில் வைத்துக்கொள்கிறது. பத்தில் ஒன்றை இரும முறையில் எழுதினால் அது முடிவே இல்லாமல் தொடர்கிறது. அதனால் கணினி ஓர் இடத்தில் வெட்டி, அருகிலுள்ள எண்ணை வைத்துக்கொள்கிறது. 0.1, 0.2 இரண்டுமே இப்படிச் சற்றுக் கூடுதலாகச் சேமிக்கப்படுகின்றன. கூட்டும்போது இந்த இரண்டு கூடுதல்களும் சேர்ந்து, விடையின் கடைசியில் 4 என்று தெரிகின்றன. 0.5, 0.25 போன்ற எண்களுக்கு இந்தச் சிக்கல் வராது."

முழு மதிப்பெண்ணும் தரலாம் என்றே எனக்குத் தோன்றியது. என்னுடன் திருத்தும் நண்பர், ஐந்தாவது வாக்கியத்தில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்கிறார். ஆனால் அது என்ன என்று அவரால் சொல்ல முடியவில்லை. இங்குள்ளவர்கள் இந்தப் பதிலை எப்படி மதிப்பிடுவீர்கள்?

---

கதிரவன் எழுதியது:

நான்குக்கு நான்கு தரவேண்டும் என்பதே என் கருத்து. பலதுறைத் தொழிற்கல்லூரியில் என்னுடன் படித்த பலர், இது பைத்தான் மொழியில் உள்ள பிழை என்றே நீண்ட நாள் நினைத்திருந்தார்கள். இந்த மாணவி அந்த இடத்தைக் கடந்து, இரும முறையில் முடிவின்றித் தொடரும் எண் என்ற காரணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். 0.5, 0.25 ஆகியவற்றுக்கு இது நேராது என்றும் சொல்லியிருக்கிறார்.

ஐந்தாவது வாக்கியமும் சரியானது என்பதற்கு என்னிடம் சான்று இருக்கிறது. கணினியில் இதை இட்டுப் பாருங்கள்:

```
>>> (0.1 + 0.2) - 0.3
5.551115123125783e-17
>>> from decimal import Decimal
>>> Decimal(0.1) - Decimal('0.1')
Decimal('5.551115123125782702118158340E-18')
```

முதல் வரி நமக்குத் தெரியும் வேறுபாடு. இரண்டாவது கணக்கு, 0.1 சேமிக்கப்படும்போது அதில் சேரும் கூடுதல். இரண்டிலும் 5.551115 என்று அதே இலக்கங்கள் வருகின்றன. சேமிப்பில் நுழைந்த கூடுதல்தான் விடையிலும் தெரிகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

---

நெடுமாறன் எழுதியது:

தம்பி கதிரவன், நீங்கள் காட்டிய இரண்டு வரிகளின் கடைசியையும் சேர்த்துப் படியுங்கள். ஒன்று e-17, மற்றது E-18. இலக்கங்கள் ஒன்றானாலும் ஒன்று மற்றதைப்போல் பத்து மடங்கு. 0.1 சேமிக்கப்படும்போது சேரும் கூடுதல் 5.55e-18 என்றால், 0.2 சேமிக்கப்படும்போது சேர்வது அதைப்போல் இரு மடங்கு, அதாவது 1.11e-17. இரண்டையும் கூட்டினால் 1.67e-17 மட்டுமே கிடைக்கிறது. திரையில் தெரியும் வேறுபாடோ 5.55e-17. மாணவி சொல்லும் காரணம் அந்த வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கணக்குக் காட்டுகிறது. செல்வியின் நண்பருக்கு உறுத்தியது இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

மீதி எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுமையாகப் பார்க்கலாம். பைத்தானின் சாதாரணத் தசம எண், 1985இல் வெளிவந்த IEEE 754 தரநிலையின் 64 பிட் வடிவத்தைப் பின்பற்றுகிறது. அந்த வடிவத்தில் 0.25க்கும் 0.5க்கும் இடையில் கணினியால் வைத்துக்கொள்ளக்கூடிய எண்கள், ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் நிற்கின்றன. அந்த இடைவெளி 2^-54, அதாவது ஏறத்தாழ 5.55e-17. இதை நான் ஒரு படி என்று அழைக்கிறேன். இனி எல்லாவற்றையும் இந்தப் படியால் அளந்தால் கணக்கு மிக எளிதாகிவிடும்.

0.1 என்று நாம் எழுதுவது உண்மையான 0.1ஐவிடப் படியில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேமிக்கப்படுகிறது. 0.2 பத்தில் இரண்டு பங்கு கூடுதலாகச் சேமிக்கப்படுகிறது. ஆக, சேமிக்கப்பட்ட இரண்டையும் எந்தப் பிழையும் இல்லாமல் கூட்டினால், உண்மையான 0.3ஐவிட 0.3 படி மேலே இருப்போம். இதுவரை மாணவி சொன்னது முழுக்கச் சரி.

ஆனால் அந்த இடத்தில் கணினிக்கு எண்ணே கிடையாது. உண்மையான 0.3க்கு அருகில் அதனிடம் இருப்பவை இரண்டே எண்கள். ஒன்று 0.2 படி கீழே இருக்கிறது, மற்றது 0.8 படி மேலே இருக்கிறது. நம் கூட்டுத்தொகை 0.3 படி மேலே இருப்பதால், அது இவ்விரண்டுக்கும் மிகச் சரியாக நடுவில் விழுகிறது: கீழே அரைப் படி, மேலே அரைப் படி. ஆகவே அருகிலுள்ளதை எடு என்ற விதி இங்கே உதவாது. சரிபாதியில் விழுந்தால், கடைசி பிட் சுழியமாக உள்ள எண்ணை, அதாவது இரட்டைப்படையாக முடிவதை எடுக்கவேண்டும் என்று தரநிலை வகுத்திருக்கிறது. இரண்டு எண்களையும் பதினாறடிமானத்தில் பார்த்தால் எது இரட்டைப்படை என்பது தெரிந்துவிடும்:

```
>>> (0.3).hex()
'0x1.3333333333333p-2'
>>> (0.1 + 0.2).hex()
'0x1.3333333333334p-2'
```

புள்ளிக்குப் பின் உள்ள கடைசி இலக்கம் ஒன்றில் 3, மற்றதில் 4. நான்கு இரட்டைப்படை என்பதால் கூட்டல் மேலே உள்ள எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த முழுதாக்கலில் மட்டும் இன்னொரு அரைப் படி சேர்கிறது. சேமிப்பில் வந்த 0.3 படியைவிட இது பெரியது.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. ஒப்பிடுவதற்காக நாம் எழுதிய 0.3ம் உண்மையான 0.3 அன்று. அது 0.2 படி கீழே உள்ள எண். ஆகவே திரையில் தெரியும் வேறுபாட்டில் 0.3 படி சேமிப்பிலிருந்தும், 0.5 படி கூட்டலிலிருந்தும், 0.2 படி வலப்பக்கத்து 0.3இலிருந்தும் வருகின்றன. மூன்றும் சேர்ந்தால் மிகச் சரியாக ஒரு படி, 5.55e-17.

மாணவியின் பதில் முதல் பங்கை மட்டும் சொல்லி, அதுவே முழுக் காரணம் என்று முடித்துவிடுகிறது. அவர் சொன்னது மட்டுமே நடந்திருந்தால் விடை 0.3க்கு மேல் 1.67e-17 அளவில் இருந்திருக்கும், கடைசி இலக்கம் 2 என்று வந்திருக்கும். அவர் விளக்க முற்பட்ட அந்த 4, அவருடைய விளக்கத்திலிருந்து கிடைக்காது.

---

தேக்கா கடைக்காரர் எழுதியது:

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. விடையை `round` கொண்டு இரண்டு இலக்கத்துக்கு முழுதாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம் நீண்ட நாளாக உண்டு, அதையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். என் கடைக்கு நானே ஒரு பட்டியல் நிரல் எழுதி வைத்திருக்கிறேன். பொருள் சேவை வரி 7 விழுக்காடாக இருந்த காலத்தில், 2 வெள்ளி 50 காசுப் பொருளுக்கு வரியுடன் 2.675 வரும். நிரல் அதை 2.68 என்று காட்டியது. அதே தொகையை நான் கையால் தட்டச்சு செய்து சரிபார்த்தபோது 2.67 வந்தது:

```
>>> round(2.50 * 1.07, 2)
2.68
>>> round(2.675, 2)
2.67
```

2024இல் வரி 9 விழுக்காடான பிறகு அதே பொருளுக்கு இரு வழியிலும் 2.73 வருகிறது. பைத்தானின் புதிய பதிப்பில் இதைச் சரிசெய்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அது சரிதானா?

---

கதிரவன் எழுதியது:

நெடுமாறன் ஐயா, e-17, e-18 வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். எனினும் அடிப்படையில் இது பிட் போதாமைதானே? 53 இரும இலக்கங்களுக்குப் பதிலாக இன்னும் கூடுதலாக இருந்தால் சேமிப்பில் வரும் கூடுதல் சுருங்கும், கூட்டலில் வரும் முழுதாக்கலும் சுருங்கும், வேறுபாடு மறைந்துவிடும். மாணவி "ஓர் இடத்தில் வெட்டி" என்று எழுதியிருப்பதில் இது அடங்கிவிடுகிறது என்றுதான் நான் வாதிடுகிறேன். ஒரே மூல காரணத்திலிருந்து வரும் மூன்று கிளைகளையும் உயர்நிலை மாணவி தனித்தனியாக எழுதவேண்டும் என்று எதிர்பார்ப்பது அளவுக்கு மீறியது.

---

நெடுமாறன் எழுதியது:

மூல காரணம் ஒன்றே என்பது சரி. பிட் குறைவதால் வேறுபாடு தோன்றுகிறது, பிட் கூடினால் மறைந்துவிடும் என்பது சரியன்று. பிட்டுகளைக் குறைத்துப் பாருங்கள்:

```
>>> import numpy as np
>>> bool(np.float32(0.1) + np.float32(0.2) == np.float32(0.3))
True
```

32 பிட் வடிவத்தில் 24 இரும இலக்கங்களே உள்ளன. 0.1, 0.2 இரண்டும் அங்கேயும் சற்றுக் கூடுதலாகவே சேமிக்கப்படுகின்றன, அந்தக் கூடுதல் 64 பிட் வடிவத்தில் இருப்பதைவிடப் பல கோடி மடங்கு பெரியது. ஆனாலும் ஒப்பீடு உண்மை என்று வருகிறது. ஏனென்றால் அங்கே வலப்பக்கத்து 0.3ம் மேல்நோக்கியே முழுதாக்கப்படுகிறது, கூட்டுத்தொகையும் அதே எண்ணுக்கு அருகில் விழுந்து அதனிடமே போய்ச் சேர்கிறது. துல்லியம் குறைந்த வடிவத்தில் வேறுபாடு இல்லை, துல்லியம் மிகுந்த வடிவத்தில் இருக்கிறது. பிட் எண்ணிக்கையை மட்டும் வைத்து இதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஒரு விளக்கத்தை மதிப்பிடும்போது நான் பார்ப்பது, அது நடந்ததற்குக் காரணம் சொல்கிறதா என்பதோடு, நடக்காத இடங்களையும் சரியாகச் சொல்கிறதா என்பதையும்தான். மாணவியின் பதிலில் 0.5, 0.25 பற்றிய வரி அத்தகைய முயற்சிதான், அதற்காக அவரைப் பாராட்டவேண்டும். ஆனால் அவை முழுமையாகச் சேமிக்கக்கூடிய எண்கள், அங்கே சிக்கல் வராது என்று எந்த விளக்கமும் சொல்லிவிடும். சோதனைக்கு உதவுபவை வேறு எண்கள்:

```
>>> 0.2 + 0.3 == 0.5
True
>>> 0.1 + 0.3 == 0.4
True
```

இவற்றில் 0.1, 0.2, 0.3, 0.4 நான்குமே இரும முறையில் முடிவின்றித் தொடர்பவை. அப்படியிருந்தும் இரண்டு ஒப்பீடுகளும் உண்மை என்று வருகின்றன.

முதலாவதில் 0.2 சேமிப்பில் 0.2 படி மேலே போகிறது, 0.3 சேமிப்பில் 0.2 படி கீழே போகிறது. ஒன்றையொன்று முழுதாக ஈடுசெய்து, கூட்டுத்தொகை மிகச் சரியாக 0.5 ஆகிவிடுகிறது. முழுதாக்குவதற்கு அங்கே வேலையே இல்லை.

இரண்டாவது இன்னும் கவனிக்கத்தக்கது. 0.1 பத்தில் ஒரு படி மேலே, 0.3 பத்தில் இரண்டு படி கீழே. கூட்டுத்தொகை உண்மையான 0.4ஐவிட 0.1 படி கீழே இருக்கிறது. 0.4க்கு அருகில் கணினியிடம் உள்ளவை 0.4 படி மேலே உள்ள எண்ணும் 0.6 படி கீழே உள்ள எண்ணும். நம் கூட்டுத்தொகை இங்கேயும் இரண்டுக்கும் சரிபாதியில் விழுகிறது, 0.1 + 0.2 விழுந்ததுபோலவே. இரட்டைப்படை விதி இங்கேயும் மேலே உள்ள எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் இம்முறை மேலே உள்ள எண்ணும், நாம் 0.4 என்று தட்டச்சு செய்தால் கணினி வைத்துக்கொள்ளும் எண்ணும் ஒன்றே. அதனால் வேறுபாடு தெரிவதில்லை. கணினி செய்த வேலை இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் வேறுபாடு வெளியே தெரிகிறது, மற்றதில் தெரியவில்லை.

செல்வி, மதிப்பெண் போடுவதற்கு முன் இந்த இரண்டு ஒப்பீடுகளையும் விடை காட்டாமல் அந்த மாணவியிடம் கொடுத்து, என்ன வரும் என்று எழுதச் சொல்லுங்கள். அவருடைய விளக்கத்தின்படி இரண்டுமே பொய் என்று வரவேண்டும். கணினியில் இட்டுப் பார்க்கும்போது எந்த வாக்கியத்தைத் திருத்தவேண்டும் என்பதை அவரே கண்டுபிடிக்க வாய்ப்பிருக்கிறது.

---

மீனாட்சி (கணிதம்) எழுதியது:

தொடக்கக் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவள் என்ற முறையில் இதில் சற்று மாறுபடுகிறேன். நெடுமாறன் அவர்களின் கணக்கை நான் தாளில் போட்டுச் சரிபார்த்தேன், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் கேள்வி வினாத்தாளைப் பற்றியது. "இந்த விடை ஏன் வருகிறது" என்று கேட்டால், 0.3 வராமல் வேறு ஏதோ வருவது ஏன் என்று ஒரு மாணவி புரிந்துகொள்வது இயல்பு. அந்தக் கேள்விக்கு அவர் பதில் பெருமளவுக்குச் சரி. "ஏன் சரியாக 04 என்று முடிகிறது" என்று கேட்டிருந்தால் மட்டுமே முழுதாக்கலை அவர் சொல்லாததற்கு மதிப்பெண் குறைப்பது நியாயம். கேட்காததை எழுதவில்லை என்று குறைக்கக்கூடாது.

ஆனால் அவர் எழுதாமல் விட்டதற்கும் தவறாக எழுதியதற்கும் வேறுபாடு உண்டு. கூட்டலையும் முழுதாக்கவேண்டியிருக்கிறது என்பதை அவர் எழுதாதது விடுபாடு. "இந்த இரண்டு கூடுதல்களும் சேர்ந்து, விடையின் கடைசியில் 4 என்று தெரிகின்றன" என்பது அளவு பற்றிய ஒரு கூற்று, அது தவறு. அந்த 4ஐ அவராகவே குறிப்பிட்டதால் அதை நாம் சோதிக்கலாம். அதற்காக ஒரு மதிப்பெண் குறைத்து மூன்று தருவேன்.

இன்னொரு குறையையும் சொல்லவேண்டும், இதை யாரும் எடுத்துக் காட்டவில்லை. `0.1` என்று மட்டும் தட்டினால் திரையில் 0.1 என்றே வருகிறதே, அது ஏன் 0.1000000000000000055 என்று வரவில்லை? மாணவியின் விளக்கத்தைப் படிக்கும் இன்னொரு மாணவர் முதலில் இதைத்தான் கேட்பார். வேறு எந்தச் சேமிப்பெண்ணோடும் குழம்பாமல் திரும்பப் படிக்கப் போதுமான மிகக் குறைந்த இலக்கங்களை மட்டுமே பைத்தான் 3 காட்டுகிறது. 0.1 என்று எழுதினாலே அந்த எண் திரும்பக் கிடைத்துவிடும் என்பதால் அத்தோடு நிறுத்திக்கொள்கிறது. கூட்டலின் விடை 0.3 என்று எழுதினால் திரும்பக் கிடைக்காது, ஏனென்றால் 0.3 பக்கத்து எண்ணின் பெயர். அதனால்தான் பதினேழு இலக்கங்கள் வரை போகவேண்டியிருக்கிறது. விடையில் மட்டும் நீண்ட வால் தெரிவதால், பிழை கூட்டலில் மட்டும்தான் நுழைந்தது என்று நினைப்பவர்கள் என் வகுப்பிலேயே உண்டு. இந்த மாணவி அந்தப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் போய், சேமிப்பில் மட்டும்தான் நுழைந்தது என்று நினைக்கிறார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

---

நெடுமாறன் எழுதியது:

மீனாட்சி அம்மா, விடுபாட்டையும் தவறான கூற்றையும் பிரித்துப் பார்த்தது மிகவும் பொருத்தம். நான் இரண்டு மதிப்பெண்தான் தரவேண்டும் என்று நினைத்திருந்தேன், உங்கள் வாதத்தைப் படித்த பிறகு மூன்றையும் ஏற்கமுடிகிறது.

கடைக்காரர் ஐயாவின் சந்தேகத்துக்கு வருகிறேன். அவர் கேட்டது வேறு கேள்வி, ஆனால் அவருடைய எடுத்துக்காட்டு இந்த விவாதத்துக்கு நேரடியாகவே உதவுகிறது. ஐயா, புதிய பதிப்பில் யாரும் எதையும் சரிசெய்யவில்லை. 2.675 என்று நீங்கள் தட்டச்சு செய்தால், கணினி வைத்துக்கொள்ளும் எண் 2.67499999999999982... என்று தொடங்குகிறது. அது பாதிக் காசுக்குச் சற்றுக் கீழே இருப்பதால் `round` அதை 2.67 ஆக்குவது சரியான செயல்தான். 2.50 முழுமையாகச் சேமிக்கப்படுகிறது, 1.07 சற்றுக் கூடுதலாகச் சேமிக்கப்படுகிறது. இரண்டையும் பெருக்கி முழுதாக்கியபோது 2.675க்கு மேலே உள்ள அடுத்த எண் கிடைத்தது, திரையில் அது 2.6750000000000003 என்று தெரியும். அது பாதிக் காசுக்கு மேலே இருப்பதால் 2.68.

2.50 * 1.09ஐப் பெருக்கினாலும், 2.725 என்று நேராகத் தட்டினாலும், தற்செயலாக ஒரே எண் கிடைக்கிறது. அந்த எண் 2.725க்குச் சற்று மேலே இருப்பதால் இரண்டும் 2.73 ஆகின்றன. விலை மாறினால் வேறொரு பொருளில் அதே ஒரு காசு வேறுபாடு மீண்டும் தலைகாட்டக்கூடும். `round` அதைத் தடுக்காது, ஏனென்றால் பாதிக் காசு எந்தப் பக்கம் என்பது முன்னதாகவே முடிவாகிவிட்டது. காசுகளை முழு எண்ணாக வைத்து, வரியையும் 109/100 என்று முழு எண்களால் கணக்கிட்டு, பாதிக் காசு வந்தால் எந்தப் பக்கம் போவது என்பதை நீங்களே ஒரு வரியில் எழுதிவிடுவதுதான் கடைக்கு ஏற்ற வழி.

நம் விவாதத்துக்கு இதிலிருந்து கிடைப்பது இதுதான்: கணக்கிட்டு வந்த எண்ணும் தட்டச்சு செய்த எண்ணும் தனித்தனி வழிகளில் வருபவை, ஒவ்வொன்றும் தன் வழியில் தனியாக முழுதாக்கப்படுகிறது. 0.1 + 0.2 == 0.3 என்பதிலும் அப்படியே. வலப்பக்கத்து 0.3 அசையாத அளவுகோல் அன்று. மாணவியின் பதிலில் அந்த 0.3 பற்றி ஒரு சொல்லும் இல்லை.

---

தேக்கா கடைக்காரர் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. ரொக்கமாகக் கொடுப்பவர்களுக்கு எப்படியும் ஐந்து காசுக்கு முழுதாக்குகிறோம் என்பதால் இது பெரும்பாலும் கண்ணில் படாது. ஆனால் அட்டையிலும் கைப்பேசியிலும் செலுத்துபவர்களுக்கு ஒரு காசும் அப்படியே போகிறது. இன்றிரவே காசு முழு எண்ணுக்கு மாற்றிவிடுகிறேன்.

---

ஈசூன் செல்வி எழுதியது:

நெடுமாறன் ஐயா சொன்னபடி இரண்டு ஒப்பீடுகளையும் மாணவியிடம் கொடுத்தேன். 0.1 + 0.3 == 0.4 பொய் என்றும், 0.2 + 0.3 == 0.5 உண்மை என்றும் எழுதினார். இரண்டாவதற்குக் காரணம் கேட்டபோது, 0.5 முழுமையாகச் சேமிக்கப்படும் எண் என்பதால் விடை அதில் போய் நின்றுவிடும் என்றார். விடை சரியாக இருந்தாலும் காரணம் சரியில்லை என்பது இந்த இழையைப் படித்த பிறகு எனக்குத் தெரிகிறது. முதலாவதைக் கணினியில் இட்டு, உண்மை என்று வந்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு `Decimal` கொண்டு 0.1, 0.3, 0.4 மூன்றின் சேமிப்பெண்களையும் எடுத்து, தாளில் கூட்டிப் பார்க்கத் தொடங்கினார். இன்று அவர் திருத்தி எழுதிக் கொண்டுவந்தது இது:

"0.1, 0.2, 0.3 மூன்றுமே கணினியில் தோராயமான எண்கள். 0.1, 0.2 சற்று அதிகம், 0.3 சற்றுக் குறைவு. கூட்டினால் வரும் எண்ணுக்குக் கணினியில் இடம் இல்லை. அது இரண்டு எண்களுக்குச் சரியாக நடுவில் விழுவதால், கணினி இரட்டைப்படையாக முடியும் எண்ணை எடுக்கிறது. அது 0.3க்கு அடுத்த எண். தசம எண்களைக் கூட்டும்போது விடை நடுவில் விழுந்தால் இப்படி வேறுபாடு வரும்."

எனக்கு இது மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது. பழைய பதிலுக்கு மூன்று, இதற்கு நான்கு என்று பதிவுசெய்ய நினைக்கிறேன்.

---

கதிரவன் எழுதியது:

திருத்திய பதில் சிறப்பாக இருக்கிறது. ஆனால் பழைய பதிலுக்கு மூன்று என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. அதே வகுப்பில் வேறொருவர் "இரும முறையில் 0.1ஐச் சரியாக எழுத முடியாது" என்று ஒரே வரியில் நிறுத்தியிருந்தால், அதில் தவறான கூற்று எதுவும் இல்லை என்று அவருக்கும் மூன்று கொடுக்கவேண்டி வரும். கூடுதலாகச் சொல்ல முயன்றவரும், முயலாமல் நிறுத்தியவரும் ஒரே மதிப்பெண் பெறுவது சரியா?

---

மீனாட்சி (கணிதம்) எழுதியது:

ஒரே வரியில் நிறுத்தியவருக்கு நான் இரண்டுதான் தருவேன், ஏனென்றால் அவர் கூட்டலைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்பதன் அடியில் உள்ள சங்கடம் உண்மையானது, மதிப்பெண் திட்டத்தில் அதற்கு நேரான தீர்வு எனக்குத் தெரிந்த வரையில் இல்லை. திட்டத்தை எழுதும்போதே "கூட்டலின் விடையும் முழுதாக்கப்படுகிறது" என்பதற்குத் தனியாக ஒரு மதிப்பெண் ஒதுக்கியிருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. அடுத்த முறை செல்வி அப்படிச் செய்யலாம்.

---

நெடுமாறன் எழுதியது:

திருத்திய பதிலில் முதல் ஐந்து வாக்கியங்களுக்கும் ஒரு குறையும் சொல்லமாட்டேன். கடைசி வாக்கியத்தை மட்டும் அவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். 0.1 + 0.3 நடுவில் விழுந்தும் வேறுபாடு வரவில்லை, அதை அவரே தாளில் கூட்டிப் பார்த்திருக்கிறார். நடுவில் விழாமலேயே வேறுபாடு வருவதும் உண்டு:

```
>>> 0.1 + 0.7
0.7999999999999999
```

0.8க்கு அருகில் எண்களின் இடைவெளி முன்பு சொன்ன படியைப்போல் இரு மடங்கு. அதே பழைய படியால் அளந்தால், 0.1 பத்தில் ஒரு படி மேலே, 0.7 பத்தில் எட்டுப் படி கீழே, கூட்டுத்தொகை 0.7 படி கீழே. அங்கே கணினியிடம் உள்ளவை 1.2 படி கீழே ஒன்றும் 0.8 படி மேலே ஒன்றும். கீழே உள்ளது அரைப் படி தொலைவிலும், மேலே உள்ளது ஒன்றரைப் படி தொலைவிலும் இருக்கின்றன. எனவே இரட்டைப்படை விதிக்கு வேலையே இல்லாமல் கீழே உள்ளது தேர்வாகிறது. நாம் 0.8 என்று எழுதினால் கணினி எடுப்பதோ மேலே உள்ளதை.

நடுவில் விழுவது 0.1 + 0.2இன் தனிக்கதை. வேறுபாடு வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது, கூட்டல் போய்ச் சேரும் எண்ணும் நாம் தட்டச்சு செய்யும் எண்ணும் ஒன்றா வேறா என்பது மட்டுமே. நான்கு மதிப்பெண்ணைப் பதிவுசெய்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தின் பக்கத்தில் `0.1 + 0.7` என்று எழுதி, தாளை அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.